மழைக் கணக்கா, பாறைத் துண்டா: யூகாஸ் ஸ்டேட்மென்ட்டை எதன்மேல் எழுதுவது?

பிரிட்டன் பல்கலைக்கழகங்களில் புவியியலோ எர்த் சயின்ஸோ படிக்க, யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக விண்ணப்பிக்கும் சென்னைப் பிள்ளைகள் என்னிடம் காட்டும் வரைவுகளில் பெரும்பாலும் இரண்டு வகைப் பள்ளி புராஜெக்ட்தான் வரும். பள்ளியில் மழைமானி வைத்து ஒரு பருவம் முழுக்க மழையைக் குறித்து வைத்தது ஒன்று. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறைத் துண்டுகளை எடுத்துப் பார்த்து வகை பிரித்தது இன்னொன்று. சிலர் இரண்டுமே செய்திருப்பார்கள். விண்ணப்பத்தோடு போகும் பெர்சனல் ஸ்டேட்மென்ட்டை எதன்மேல் எழுதுவது என்று கேட்பார்கள், கூடவே பெற்றோரும் "எது சார் வெயிட்டா தெரியும்?" என்பார்கள். வெயிட் என்பது தலைப்பில் இல்லை, நோட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு வகை நோட்டும் வெவ்வேறு இடத்தில் பலமானவை, வெவ்வேறு இடத்தில் ஓட்டையானவை. அதைத் தெரிந்துகொண்டு முடிவு எடுக்கலாம்.

முதலில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் முடிவில் பாதியை அதுவே எடுத்துவிடுகிறது. 2026 சேர்க்கையிலிருந்து யூகாஸ் ஸ்டேட்மென்ட் ஒரே நீளமான கட்டுரையாக இல்லை, மூன்று கேள்விகளுக்கான பதில்களாக மாறிவிட்டது: இந்தப் படிப்பை ஏன் எடுக்க நினைக்கிறீர்கள், உங்கள் பள்ளிப் படிப்பு இதற்கு எப்படித் தயார்ப்படுத்தியது, படிப்புக்கு வெளியே வேறென்ன செய்தீர்கள், அது எப்படிப் பயன்படும். மூன்றுக்கும் சேர்த்து மொத்தம் 4000 எழுத்துகள், இடைவெளியும் அதில் அடக்கம். ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350 எழுத்தாவது இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கணக்குப் போட்டால் அறுநூற்றுச் சொச்சம் சொற்கள், அதில் புராஜெக்ட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கினாலே தாராளம். அதாவது இருநூறு சொற்கள். இருநூறு சொற்களில் இரண்டு புராஜெக்ட்டைச் சொன்னால் இரண்டும் பெயர்ப்பலகையாக நின்றுவிடும். அதனால் "இரண்டையும் போடட்டுமா" என்பதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், ஒன்றை எடுங்கள், இன்னொன்றுக்கு அதிகம் போனால் ஒரு வரி.

இன்னொன்று, நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து படிப்புகளுக்கும் ஒரே ஸ்டேட்மென்ட்தான் போகும். மூன்று புவியியல், இரண்டு எர்த் சயின்ஸ் என்று கலந்து போட்டால் அதே இருநூறு சொற்களை இரண்டு வேறு மாதிரி ஆட்கள் படிப்பார்கள். இதற்குக் கடைசியில் வருகிறேன்.

மழை நோட்டிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதைத்தான் எடுக்கிறார்கள், பெரும்பாலானவர்கள் இதில்தான் தவறான வாக்கியத்தையும் எழுதுகிறார்கள். அந்த வாக்கியம் இப்படி இருக்கும்: "நான் மூன்று மாதம் மழையை அளந்தேன், பருவநிலை மாற்றத்தின் விளைவை நேரில் கண்டேன்." மூன்று மாத மழை அளவு பருவநிலை மாற்றத்தைப் பற்றி எதையும் சொல்லாது. ஓர் ஊரின் சராசரி மழை என்று வானிலைத் துறைகள் சொல்வதே முப்பது வருடக் கணக்கு, இப்போது பயன்பாட்டில் இருப்பது 1991 முதல் 2020 வரையிலானது. வருடத்துக்கு வருடம் சென்னை மழை அவ்வளவு ஏறி இறங்கும். 2015 நவம்பர் மழையை யாரும் பார்த்திராத மழை என்று எல்லோரும் சொன்னோம். நுங்கம்பாக்கத்தில் அந்த மாதம் 1049 மி.மீ., ஆனால் பழைய பதிவேட்டைப் புரட்டினால் 1918 நவம்பரில் 1088 மி.மீ. இருக்கிறது. ஒரு பருவத்தை வைத்து வாய் திறந்தால் இந்த மாதிரி ஒரு வரியில் அடிபட்டுப்போகும், படிப்பவர் அந்தத் துறையில் இருபது வருடம் இருப்பவர்.

அப்படியானால் பள்ளி மழைமானியால் என்னதான் சொல்ல முடியும்? காலத்தைப் பற்றி அதிகம் சொல்லாது, ஆனால் இடத்தைப் பற்றி நிறையச் சொல்லும். 2015 டிசம்பர் 2 காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 294 மி.மீ., மீனம்பாக்கத்தில் 345 மி.மீ., தாம்பரத்தில் 494 மி.மீ. பதிவானது. ஒரே ஊர், ஒரே இரவு, இருபது கிலோமீட்டர் சொச்சம் தூரத்துக்குள் 200 மி.மீ. வித்தியாசம். அப்படியானால் செய்தியில் "சென்னையில் இவ்வளவு மழை" என்று வருகிற எண் உங்கள் தெருவுக்குப் பொருந்துமா என்பது நிஜமான கேள்வி, அதுவும் புவியியல்காரர்கள் கேட்கிற கேள்வி. உங்கள் பள்ளி இருக்கும் இடத்தில் வானிலை மையத்தின் மானி கிடையாது, உங்களுடையது மட்டும்தான் இருக்கிறது. அந்த எண்களை உலகத்தில் வேறு யாரும் எடுக்கவில்லை.

ஆனால் அந்த எண்கள் சரியா என்று காட்ட வேண்டும், மழை நோட்டில் சிக்கல் வருவதே இங்கேதான். நான் பார்க்கும் நோட்டுகளில் பாதிக்கு மேல் தேதியிலேயே கோளாறு. இந்திய வானிலை ஆய்வு மையம் காலை 8.30-க்கு மானியைப் பார்க்கும், அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் பெய்ததை அன்றைய தேதியில் எழுதும். செவ்வாய் சாயங்காலம் கொட்டிய மழை புதன்கிழமைக் கணக்கில் ஏறும். பிள்ளைகளோ புதன் காலையில் போய் அளந்துவிட்டு, "நேற்றுதானே பெய்தது" என்று செவ்வாய்க்கு எதிரே எழுதுவார்கள். அது தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எல்லாம் குழம்பும்.

உதாரணத்துக்கு ஒரு மாணவியின் நோட்டில் திங்கள் 2, செவ்வாய் 60, புதன் 5, வியாழன் 0 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வானிலை மையத்தின் பட்டியலில் அதே வாரம் திங்கள் 0, செவ்வாய் 3, புதன் 48, வியாழன் 7. நாளுக்கு நாள் நேராக வைத்துப் பார்த்தால் செவ்வாயன்று பள்ளியில் 60, மையத்தில் 3. உடனே "மழை இடத்துக்கு இடம் எவ்வளவு மாறுகிறது பாருங்கள்" என்று ஆச்சரியமாக எழுதத் தோன்றும். அவளுடைய வரிசையை ஒரு நாள் கீழே தள்ளிப் பாருங்கள்: 2-க்கு 3, 60-க்கு 48, 5-க்கு 7. இப்போது சரியாகப் பொருந்துகிறது. ஆக, அங்கே கண்ட வித்தியாசம் மழையில் இல்லை, தேதி எழுதிய விதத்தில் இருந்தது. இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, பருவம் முழுவதற்குமான இரண்டு வரிசையையும் ஒரு நாள் முன்னே, ஒரு நாள் பின்னே நகர்த்தி எதில் அதிகம் ஒத்துப்போகிறது என்று பார்ப்பதுதான். எக்செல் தெரிந்தால் சில நிமிட வேலை. இதைச் செய்து பார்த்தேன், இப்படித் தெரிந்தது, திருத்தினேன் என்று ஸ்டேட்மென்ட்டில் இரண்டு வாக்கியம் எழுதினால், அதற்கு முன்னால் இருக்கும் "எனக்குச் சிறு வயதிலிருந்தே மழை பிடிக்கும்" பத்தியைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

சனி, ஞாயிறு இன்னொரு தலைவலி. பள்ளி பூட்டியிருக்கும், திங்கள் காலையில் மானியில் இருப்பது மூன்று நாள் மழை. அதைத் திங்களுக்கு எழுதினால் மாத மொத்தம் சரியாகத்தான் வரும், ஆனால் "ஒரே நாளில் அதிகபட்ச மழை", "மழை நாட்கள் எத்தனை" ஆகிய இரண்டும் கெட்டுவிடும். வானிலை மையம் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் மழை நாள் என்று கணக்கில் எடுக்கும். மூன்று நாள் தலா 2 மி.மீ. பெய்தால் அவர்கள் கணக்கில் மழை நாளே கிடையாது, உங்கள் நோட்டில் திங்கள் 6 மி.மீ. என்று ஒரு மழை நாள் முளைத்திருக்கும். அதனால் திங்கள் எண்களைத் தனி நிறத்தில் குறித்து, அன்றாட ஒப்பீட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும்.

அப்புறம் மானி. கடையில் வாங்கியதோ, இரண்டு லிட்டர் பாட்டிலை வெட்டிக் கவிழ்த்துச் செய்ததோ, கணக்கு ஒன்றுதான்: சேர்ந்த தண்ணீரை மில்லியில் அளந்து, வாயின் பரப்பால் வகுத்தால் மழை செ.மீ. கணக்கில் வரும், பத்தால் பெருக்கினால் மி.மீ. வாய் 10 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ., ஆக 1 மி.மீ. மழைக்கு 7.85 மில்லி தண்ணீர் சேரும். 471 மில்லி இருந்தால் 60 மி.மீ. பாட்டிலுக்குள் ஸ்கேலை விட்டு உயரத்தை அளந்தால் வளைந்த அடிப்பாகம் ஏமாற்றிவிடும். விட்டத்தில் அரை செ.மீ. பிசகினால் மழை பத்து சதவீதம் பிசகும், ஏனென்றால் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு போகிறது. ஒன்றரை லிட்டர்தான் கொள்ளும் என்றால் 190 மி.மீ. தாண்டியதும் வழிந்துவிடும், பெருமழை நாளில் அது எண்ணே இல்லை, "குறைந்தது இவ்வளவு" என்றுதான் எழுத முடியும். மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவர் ஓரம் வைத்திருந்தால் காற்று துளிகளை வாயைத் தாண்டி அடித்துக்கொண்டு போகும். தரையில், பக்கத்துக் கட்டடத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி வைப்பதுதான் முறை. பள்ளி மைதானத்தில் அந்த இடம் கிடைப்பது கஷ்டம், கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்று நோட்டில் எழுதிவிடுங்கள்.

சரி, தேதியைத் திருத்தியாயிற்று, திங்களை விலக்கியாயிற்று. இன்னமும் பள்ளியில் 60, மையத்தில் 48. இது மழையின் வித்தியாசமா, மானியின் கோளாறா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தால் அந்த இருநூறு சொற்கள் நிறைந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். மானியில் கோளாறு என்றால் வித்தியாசம் ஏறக்குறைய ஒரே விகிதத்தில், ஒரே பக்கமாக வரும்: எல்லா நாளும் பத்து, பதினைந்து சதவீதம் குறைவு, அல்லது எல்லா நாளும் கூடுதல். மழையின் வித்தியாசம் என்றால் ஒரு நாள் இங்கே கூட, ஒரு நாள் அங்கே கூட என்று இரண்டு பக்கமும் ஆடும். இன்னும் ஒரு படி போகலாம். ஆகஸ்ட், செப்டம்பரில் சாயங்காலம் இடி மின்னலோடு ஒரு மணி நேரம் கொட்டிவிட்டுப் போகும் மழையைத் தனியாகவும், வடகிழக்குப் பருவத்தில் இரவெல்லாம் விடாமல் பெய்யும் மழையைத் தனியாகவும் பிரித்து, எதில் இரண்டு இடத்துக்கும் அதிகம் ஒத்துப்போகிறது என்று பாருங்கள். இடிமழை ஒரு மேகத்திரளின் வேலை, அது சில கிலோமீட்டர் அகலம்தான், ஒரு பேட்டையை நனைத்துவிட்டு அடுத்ததைக் காயவிடும். அதனால் அங்கே ஆட்டம் அதிகமாக இருக்க வேண்டும். பருவமழையில் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம், ஆனால் தாம்பரம் 494, நுங்கம்பாக்கம் 294 என்ற அந்த இரவு அதையும் முழுதாக நம்பாதே என்கிறது. எதிர்பார்த்தது ஒன்று, தெரிந்த வரலாறு ஒன்று, என் நோட்டு சொல்வது ஒன்று, மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத முடிகிற மழை நோட்டு இருந்தால் தயங்காமல் அதை எடுங்கள்.

இப்போது பாறை.

பாறை புராஜெக்ட் பெரும்பாலும் ஒரு தெர்மோகோல் பலகையில் பத்துத் துண்டுகளை ஒட்டி, கீழே பெயர் எழுதியதாக இருக்கும். கிரானைட், பசால்ட், மணற்கல், சுண்ணாம்புக்கல். கடையிலோ ஆன்லைனிலோ வாங்கிய பெட்டி. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை, அப்படியான புராஜெக்ட் என்றால் இந்த ஒப்பீட்டையே விட்டுவிட்டு மழைக்குப் போங்கள். நான் சொல்வது ஒரே இடத்துப் பாறையை எடுத்து ஒரே கேள்வி கேட்ட புராஜெக்ட். சென்னைப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருக்கிறது. பரங்கிமலையும் பல்லாவரமும் உலகம் முழுக்க ஜியாலஜிக்காரர்களுக்குத் தெரிந்த பெயர்கள். 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற ஜியாலஜிக்காரர், கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அதே வகைப் பாறை இந்தப் பக்கம் இருப்பதைக் கண்டு, சார்னோகைட் என்று பெயர் வைத்தார். பரங்கிமலைப் பாறையை இந்திய புவியியல் ஆய்வுத் துறை தேசிய புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அதனால் அங்கே போய்ச் சுத்தியலால் தட்டாதீர்கள், பல்லாவரம் பக்கத்துக் கைவிட்ட குவாரிக் குட்டைகளில் இறங்கவே இறங்காதீர்கள், ஆழம் தெரியாமல் அங்கே உயிர் போயிருக்கிறது. அஸ்திவாரத்துக்கோ கிணற்றுக்கோ தோண்டும் இடத்தில், வீட்டுக்காரரிடம் கேட்டு, அங்கேயே உடைத்து வெளியே வந்த துண்டை எடுத்துக்கொண்டால் போதும்.

"அங்கேயே" என்பது முக்கியம். ரோட்டோரம் கிடக்கும் ஜல்லி எந்த ஊர்க் குவாரியிலிருந்து லாரியில் வந்ததோ யாருக்குத் தெரியும். தண்டவாளத்துக் கல்லும் அப்படித்தான். தரையோடு ஒட்டியிருக்கும் பாறையிலிருந்து வந்தது என்று உங்களால் சொல்ல முடியாத துண்டு அந்த இடத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. துண்டு எடுத்த குழி, ஆழம், பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் காசு வைத்து எடுத்த போட்டோ, எல்லாம் நோட்டில் இருக்க வேண்டும்.

இனி அந்தத் துண்டைப் பாருங்கள். மேல்புறம் பழுப்பாக, துருவேறியது போல இருக்கும், அது வெயிலும் மழையும் செய்த வேலை. உடைந்த புதுப் பக்கத்தைப் பாருங்கள்: கருநீலமும் சாம்பலும் கலந்த நிறம், எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுமினுப்பு, குவார்ட்ஸ்கூட வெள்ளையாக இல்லாமல் நீலம் ஓடிய சாம்பலாக இருக்கும். ஊரில் கருங்கல் என்று சொல்லிவிடுவோம். பாடப்புத்தகம் படித்த பிள்ளை கறுப்பாக இருக்கிறதே என்று பசால்ட் என்றோ காப்ரோ என்றோ எழுதிவிடும், ஏனென்றால் வெளிர் நிறம் என்றால் சிலிக்கா அதிகம், கறுப்பு என்றால் இரும்பும் மெக்னீசியமும் அதிகம் என்று படித்திருக்கிறது. நல்ல விதிதான். இந்தக் கல்லில் பலிக்காது, அது பலிக்கவில்லை என்பதை வீட்டுத் தராசாலேயே காட்டலாம். எனக்கு இந்தப் புராஜெக்ட்டில் மிகவும் பிடித்த இடம் இது.

சமையலறை டிஜிட்டல் தராசில் கல்லை எடை போடுங்கள், 412 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு தராசின்மேல் பாதித் தண்ணீர் உள்ள வாளியை வைத்து, எண்ணைப் பூஜ்ஜியமாக்கி, கல்லை நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுக முழுகத் தொங்கவிடுங்கள். கல் அடியையும் பக்கத்தையும் தொடக்கூடாது, தொட்டால் கல்லின் எடையே தராசில் ஏறிவிடும். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை விரலால் தட்டிவிடுங்கள். இப்போது தராசு 154 காட்டினால், கல் விலக்கிய தண்ணீர் 154 கிராம். 412-ஐ 154-ஆல் வகுத்தால் 2.68. பசால்ட், காப்ரோ என்றால் 2.9, 3.0 என்று வரும். 2.68 என்பது கிரானைட்டின் அடர்த்தி. பார்க்கக் கறுப்பு, எடையில் கிரானைட். நிறத்தை நம்பிக் கல்லுக்குப் பெயர் வைத்திருந்தால் தப்பாகியிருக்கும் என்று வாளித் தண்ணீர் சொல்லிவிட்டது.

எவ்வளவு நம்பலாம் இந்த எண்ணை? தராசு ஒரு கிராம் முன்பின் காட்டும். 154-க்குப் பதில் 153 என்றால் 2.69, 155 என்றால் 2.66. கவலையில்லை, பசால்ட் பக்கம் போகாது. ஆனால் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்த 30 கிராம் சில்லில் இதைச் செய்தால் விலகும் தண்ணீர் சுமார் 11 கிராம், ஒரு கிராம் பிசகில் விடை 2.5 முதல் 3.0 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும், கிரானைட்டும் பசால்ட்டும் அதற்குள் அடங்கிவிடும். அதனால் கை நிறையும் அளவுக்குப் பெரிய துண்டாக, ஐந்தாறு துண்டுகளில் செய்ய வேண்டும். அதில் ஒன்று திடீரென்று 3.0 காட்டினால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சார்னோகைட் வரிசையில் சிலிக்கா குறைந்த, நிஜமாகவே கனத்த பாறைகளும் அங்கே கூடவே உண்டு, ஹாலண்டே அதைச் சேர்த்துத்தான் எழுதினார். திரும்ப அளந்தும் அதே எண் வந்தால் அது புதுச் செய்தி.

அப்படியானால் ஏன் கறுப்பு என்ற கேள்வி தானாக வந்து நிற்கும். பூமியின் மேலோட்டின் ஆழத்தில், இருபது முப்பது கிலோமீட்டருக்குக் கீழே, கடும் வெப்பத்தில், தண்ணீர் மிகக் குறைவாக இருக்கும் சூழலில் உருவான பாறை இது. சாதாரண கிரானைட்டில் இருக்கும் கறுப்பு மைக்கா தன் அமைப்பிலேயே தண்ணீரை வைத்திருக்கும் கனிமம். அந்த வறட்சியில் அது நிலைக்காது, அதற்குப் பதில் தண்ணீரில்லாத ஹைப்பர்ஸ்தீன் வரும். ஹைப்பர்ஸ்தீன் இருக்கும் கிரானைட் என்பதுதான் சார்னோகைட்டின் சுருக்கமான இலக்கணம். ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும்கூட இதில் கருமை ஏறி இருப்பதால் கல் முழுவதும் இருட்டாகத் தெரிகிறது. அடுத்த கேள்வி, அவ்வளவு ஆழத்தில் இருந்தது இன்று பல்லாவரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எப்படி நிற்கிறது, அதன் தலைக்கு மேல் இருந்த அத்தனை கிலோமீட்டர் பாறையும் எங்கே போயிற்று. எர்த் சயின்ஸ் படிக்க விரும்பும் பிள்ளை இந்தக் கேள்விக்குள் போய்ச் சில வாரம் படித்தால், முதல் கேள்விக்கான "ஏன் இந்தப் படிப்பு" பதிலும் கிடைத்துவிடும், தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஹைப்பர்ஸ்தீன் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சத்தியம் செய்ய முடியாது. கல்லை 0.03 மி.மீ. தடிமனுக்குத் தேய்த்து, போலரைசிங் மைக்ராஸ்கோப்பில் வைத்துத் திருப்பினால்தான் அந்தக் கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து பச்சைக்கு நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். பள்ளியில் அது கிடையாது. அதனால் ஸ்டேட்மென்ட்டில் "இது சார்னோகைட் என்று நிரூபித்தேன்" என்று எழுதக்கூடாது. "அடர்த்தி இது கனத்த கறுப்புப் பாறையில்லை என்று காட்டியது, இடமும் மினுமினுப்பும் சார்னோகைட்டோடு ஒத்துப்போகின்றன, உறுதி செய்ய மெல்லிய வெட்டு வேண்டும்" என்று எழுத வேண்டும். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, உங்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்ற கோடு எங்கே இருக்கிறது என்று பிடிபட்டிருப்பதை அந்த ஒரு வாக்கியம் காட்டிவிடும்.

ஆக எதை எடுப்பது?

ஐந்தும் புவியியல் என்றால் மழை. பாறை நோட்டு நன்றாக இருந்தாலும் மழைதான், ஏனென்றால் அது கல்லில் நிற்காமல் ஊருக்குப் போகிறது: ஒரே ஒரு மானியின் எண்ணை வைத்து முழு நகரத்துக்கும் முடிவெடுத்தால் எந்தப் பகுதிக்கு அநியாயம், பள்ளிக்கரணைப் பக்கமும் நுங்கம்பாக்கமும் ஒரே எச்சரிக்கையைப் பெற வேண்டுமா என்று இயல்பாக நகரும், புவியியல் படிப்பில் இயற்கையும் மனிதரும் சேரும் இடம் அதுதான். ஒரு நிபந்தனை, ஒப்பிட ஒரு வானிலை மையத்தின் பதிவு பக்கத்தில் இருக்க வேண்டும். ஒப்பீடு இல்லாத மழை நோட்டு வெறும் எண் வரிசை.

ஐந்தும் எர்த் சயின்ஸ், ஜியாலஜி என்றால் பாறை, சந்தேகமே வேண்டாம். ஆறு துண்டும் ஒரு வாளியும்தான் இருக்கிறது என்று கூச்சப்பட வேண்டாம், அளவு சின்னது என்றாலும் கேள்வி பெரியது. இண்டர்வியூ வைக்கும் இடங்களில் ஒரு பாறைத் துண்டையோ படத்தையோ முன்னால் வைத்து என்ன தெரிகிறது என்று கேட்பது உண்டு. அந்த மாதிரிக் கேள்விக்கு, கறுப்பாக இருக்கிறது, ஆனால் கையில் எடுத்தால் கனம் போதவில்லையே என்று தொடங்கத் தெரிந்த பிள்ளை பாதி தூரம் போய்விட்டது. அதோடு, எர்த் சயின்ஸ் இடங்கள் கணக்கு, இயற்பியல், வேதியியல் பக்கம் கண் வைத்திருக்கும். அடர்த்தியும் பிழைக் கணக்கும் அங்கே பேசும் மொழி.

கலந்து போட்டிருக்கிறீர்கள் என்றால், முடிந்தால் பட்டியலை மாற்றுங்கள் என்பேன், மாற்ற முடியாதென்றால் மழை நோட்டை எடுத்து அளவீட்டுப் பக்கத்தை அழுத்தி எழுதுங்கள், ஊர் அரசியல் பக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மானிக் கோளாறா மழை வித்தியாசமா என்று பிரித்த அந்தப் பகுதி இரண்டு வகை ஆட்களுக்கும் பிடிக்கும். மாறாக, சார்னோகைட் எவ்வளவு நன்றாக எழுதினாலும் மனிதப் புவியியல் அதிகம் உள்ள ஒரு துறையில் அது கொஞ்சம் தனியாக நிற்கும்.

எந்தப் பெட்டியில் போடுவது என்பதும் கேட்கிறார்கள். பள்ளியின் பாடத்தில் ஒரு பகுதியாகச் செய்ததென்றால் இரண்டாம் கேள்வியில், சொந்தமாகச் செய்ததென்றால் மூன்றாம் கேள்வியில். மூன்று பதிலையும் சேர்த்துத்தான் படிப்பார்கள், அதனால் ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் சொல்லி எழுத்துகளை வீணாக்காதீர்கள்.

கடைசியாக நாட்காட்டி, பலருக்கு இதுதான் முடிவு செய்யும். ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் அக்டோபர் 15-க்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும், மற்ற பெரும்பாலான இடங்களுக்கு ஜனவரி வரை நேரம். சென்னையின் பெருமழையோ அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பரில் முடியும். பன்னிரண்டாம் வகுப்பு ஆகஸ்டில் உட்கார்ந்து மழை புராஜெக்ட் செய்யலாமா என்று யோசித்தால் அக்டோபர் 15-க்கு உங்கள் கையில் சில இடிமழைகள்தான் இருக்கும், பருவமழை இருக்காது, இரண்டையும் பிரித்துப் பார்க்கும் அந்த ஒப்பீடு நடக்கவே நடக்காது. மழை எடுப்பவர்கள் பதினொன்றாம் வகுப்பு ஜூலையிலேயே மானியை வைத்திருக்க வேண்டும். வைத்திருக்கவில்லை, இப்போது ஆகஸ்ட், எர்த் சயின்ஸும் மனதில் ஓரமாக இருக்கிறது என்றால் பாறைக்குப் போங்கள், இரண்டு வார இறுதிகளும் ஒரு தராசும் போதும், மிச்ச நேரத்தைப் படிப்பதில் போடலாம். புவியியல் மட்டும்தான், ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் பட்டியலில் இல்லை என்றால் இன்றைக்கே மானியை வைத்து நவம்பர் முடியும் வரை அளந்து, டிசம்பரில் எழுதுங்கள், ஜனவரிக்குள் தாராளமாக அனுப்பிவிடலாம்.